வரி எண் இல்லாத இரண்டு

என் அக்காவின் கணவரை, அதாவது என் அத்தானை, கிடங்கில் எல்லோரும் முழுமார்க்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான். பாசத்தில் வைத்ததல்ல, எரிச்சலில் வைத்தது. யாரைப் பற்றிக் கேட்டாலும் "நல்ல பையன்" என்பார். எந்த வேலையைக் காட்டினாலும் "சூப்பரா இருக்கு" என்பார். ஒருநாள் கேன்டீனில் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் துப்பினோம். அத்தான் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார். டீ போட்டவர் மனம் நோகக் கூடாதாம். என் அக்கா இதைத் தங்கமான குணம் என்கிறாள். முதுகெலும்பில் கோளாறு என்பது என் கட்சி.

வீட்டு உபயோகச் சாமான்கள் விற்கும் கம்பெனியின் கிடங்கு அது. மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று லாரியில் வந்து இறங்கும், லாரியில் ஏறிப் போகும். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கைச் சோதிப்பது என் வேலை. மேஜைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, "சரி" என்றோ "தள்ளு" என்றோ சீல் குத்த வேண்டும். பதினோரு வருடம் குத்தினேன். பிரிக்காமல் ஒரு பெட்டிக்கும் குத்தியதில்லை. முதலாளியின் மச்சினன் கடையிலிருந்து வந்த பெட்டியாக இருந்தாலும் உடைந்தது உடைந்ததுதான். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. அதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை.

அத்தான் முப்பத்து மூன்று வயதில் மூட்டை இறக்கும் ஆளாக அங்கே சேர்ந்தார். இரண்டு வருடத்தில் "ஸ்டாக் ஹெல்பர்" என்று அடையாள அட்டை கொடுத்தார்கள். மொத்தம் பதினான்கு வருட வேலையில், கிடங்கு மூடும் நாள் வரை அந்த அட்டை மாறவில்லை. ஆனால் அவர் செய்த வேலை வேறு. மாலை ஷிஃப்ட்டுக்கு ஒன்பது வருடத்தில் நாலு சூப்பர்வைசர்கள் வந்தார்கள். ஒருவர் போன் பேசியே பொழுதைக் கழித்தார். ஒருவருக்கு அலமாரி வரிசை எண்களே கடைசி வரை பிடிபடவில்லை. மற்ற இருவரும் கையெழுத்துப் போட மட்டும் வந்தார்கள். ஷிஃப்ட்டை ஓட்டியது அத்தான்தான். கிழிந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பதினோரு பேருக்கும் அன்றைய வேலையைப் பிரித்து எழுதி, நடுத்தூணில் சாய்த்து வைப்பார். யார் எந்த வரிசை, எந்த லாரி முதலில், யாருக்கு முதுகுவலி, அவனுக்கு அன்று லேசான சரக்கு என்பது வரை அதில் இருக்கும். ஏட்டில் இருக்கும் எண்ணிக்கைக்கும் அலமாரியில் இருக்கும் எண்ணிக்கைக்கும் மாதத்துக்கு நானூறு சொச்சம் வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. அத்தான் தினமும் இரண்டு வரிசையை மட்டும் எண்ணச் சொல்லி, ஒரே வருடத்தில் அதை முப்பதுக்குள் கொண்டுவந்தார்.

மேனேஜர் ஒருநாள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இதெல்லாம் பண்றது?" என்று கேட்டார். அத்தான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "பசங்க பண்றாங்க சார்" என்றார். எனக்கு அன்று அவரை அந்த அட்டையாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

பிறகு கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. சேர்ந்த கம்பெனிக்கு ஏற்கெனவே பெரிய கிடங்கு இருந்தது. ஒரு திங்கட்கிழமை எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு கவரும், கண்ணீர் வரவழைக்கும் குரலில் ஒரு பேச்சும் கொடுத்தார்கள். பேச்சின் முடிவில் அத்தான் மட்டும் கைதட்டினார்.

மூன்று வாரம் கழித்து வேலைதேடும் குழு ஒன்றை நான் ஆரம்பித்தேன். நாலு பேர். நான், அத்தான், லாரிகளுக்கு வழித்தடம் போட்டுக்கொண்டிருந்த ரூட்டு, ஸ்கேனர் மெஷினோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண். இருபத்தெட்டு வயது. அவளை எல்லோரும் டிக்டிக் என்போம், மெஷின் போடும் சத்தத்தை வைத்து. அதுவரை எங்கள் ஆட்கள் ரெஸ்யூமே சரிபார்த்த லட்சணத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். ஒருவன் தன் தாளை வாட்ஸ்அப் குழுவில் போடுவான். பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். "அருமை மச்சி, கண்டிப்பா கிடைக்கும்" என்று ஒருவன் எழுதுவான். அவன் அந்தக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டான். கிடைக்காதபோது கம்பெனியைத் திட்டுவார்கள்.

அதனால் நான் ஒரு செக்லிஸ்ட் போட்டேன். ஒரே ஒரு வேலை விளம்பரத்தை எடுத்துக்கொள்வது. நாலு பேரின் ரெஸ்யூமேயையும் அதற்கு எதிராக மட்டுமே வைத்துப் பார்ப்பது. ஆளுக்கொரு விளம்பரம் என்றால் மார்க்கை ஒப்பிட முடியாது. மருந்து வினியோகம் செய்யும் ஒரு கம்பெனியின் விளம்பரத்தை நான் தேர்ந்தெடுத்தேன். மாலை ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஒரு இடம், கடைசித் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. எனக்கும் ரூட்டுக்கும் அது பயிற்சிக்கு. அத்தானுக்கு அது நிஜம். டிக்டிக்கும் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த விளம்பரத்தைப் படித்தபோது என் அக்கா, "இது உங்க வேலையையே பாத்து எழுதுன மாதிரி இருக்கே" என்றாள். நாற்பத்தேழு வயதில் இதைவிட்டால் இன்னொன்று இவ்வளவு பொருத்தமாக வராது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

விளம்பரத்தை நான் வரிவரியாகப் பிரித்து வைத்தேன். கட்டாயம் வேண்டும் என்று அவர்கள் சொன்னது ஐந்து: மூன்று வருடமாவது ஆட்களை மேற்பார்வை செய்த அனுபவம், சரக்கு எண்ணிக்கைச் சரிபார்ப்பு, ஸ்கேனர் மென்பொருள், பாதுகாப்புப் பயிற்சி, மாலை ஷிஃப்ட்டுக்குத் தயார். இருந்தால் நல்லது என்றது இரண்டு. அதற்குக் கீழே தாளைப் பற்றி மூன்று: செய்த வேலைக்கு எண்கள் இருக்கிறதா, இரண்டு பக்கத்துக்குள் இருக்கிறதா, பத்து நொடி பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தால் இந்த ஆள் என்ன வேலை செய்தவர் என்று சொல்ல முடிகிறதா. மொத்தம் பத்து. தாளில் இல்லவே இல்லை என்றால் பூஜ்யம். சும்மா சொல்லியிருந்தால் ஒன்று. ஆதாரத்தோடு சொல்லியிருந்தால் இரண்டு. மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: எந்த வரியைப் பார்த்து இந்த மார்க்கைப் போட்டாய், அதன் வரி எண். அடியில் ஒரு பெட்டி: முதலில் திருத்த வேண்டிய ஒரே ஒரு விஷயம்.

விதிகளும் போட்டேன். சொந்தத் தாளுக்கு யாரும் மார்க் போடக் கூடாது. பேசாமல் தனித்தனியாகப் போட வேண்டும். தாளின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவுரை கொடுக்கக் கூடாது. கட்டாயம் ஐந்தில் ஒன்று பூஜ்யமானாலும், மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும், தாளை அனுப்பக் கூடாது. ஒரே விஷயத்துக்கு ஒருவர் பூஜ்யமும் ஒருவர் இரண்டும் போட்டிருந்தால், சராசரி எடுக்காமல் இருவரும் உட்கார்ந்து அந்தத் தாளைச் சேர்ந்து படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில்: "தாளில் இல்லாதது நடக்கவில்லை." அந்த வரியை எழுதிவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பொது நூலகத்தில் கண்ணாடி அறை ஒன்று உண்டு. அட்டையைக் காட்டினால் இரண்டு மணிநேரம் தருவார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். முதலில் கை பழக, நூலக அறிவிப்புப் பலகையில் தொங்கிய ஒரு மாதிரி ரெஸ்யூமேக்கு எல்லோரும் மார்க் போட்டோம். நான் எட்டு. டிக்டிக் ஒன்பது. ரூட்டு பதினான்கு. அத்தான் இருபது.

"அத்தான், இது நிஜ ஆளே இல்ல. நூலகத்துல சும்மா அச்சடிச்சு வெச்சிருக்காங்க. இதுக்கு எதுக்கு இருபது?" என்றேன்.

"யாரோ கஷ்டப்பட்டு டைப் பண்ணியிருக்காங்க இல்ல?" என்றார்.

ரூட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன சரிபார்ப்பது? தையல்கடையில் அளவு நாடாவை ரப்பரில் செய்து வைத்த கதையாக இருக்கிறதே என்று பல்லைக் கடித்தேன். வரி எண்ணுக்கான கட்டத்தைக் காட்டி, இது இல்லாமல் மார்க் செல்லாது என்று மறுபடியும் பாடம் எடுத்தேன். அத்தான் பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைத்து, உதடசையப் படிக்க ஆரம்பித்தார்.

ஒன்றரை மணிநேரம் பேனாக்களின் சத்தம்தான். பிறகு தாள்களை மேஜைமேல் விரித்தோம். அத்தான் எங்கள் மூன்று பேருக்கும் பத்துக்குப் பத்து இடங்களிலும் இரண்டு போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் மீதியைப் படிக்கவில்லை. "வந்துட்டாருய்யா முழுமார்க்கு" என்று சொல்லி அவர் தாள்களை அடுக்கின் அடியில் தள்ளினேன்.

அடுத்து அத்தானின் ரெஸ்யூமே. ரூட்டு இருபது, நான் பத்தொன்பது, டிக்டிக் பதினொன்று. முதல் கட்டம், ஆட்களை மேற்பார்வை செய்த அனுபவம்: பூஜ்யம்.

"என்னம்மா இது, சைபரா?" ரூட்டு நாற்காலியை முன்னால் இழுத்தான்.

"தாள்ல இல்லண்ணா."

"உனக்கு வேலை கத்துக்குடுத்ததே அவருதான?"

"ஆமாண்ணா. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்குத் தெரியாதே. இதுல ஸ்டாக் ஹெல்பர், பதினாலு வருஷம், கொடுத்த வேலைகளை நல்ல முறையில் செய்தல், அவ்ளோதான் இருக்கு. நான் மூணு தடவ தேடிப் பாத்துட்டேன்."

"ஒன்பது வருஷம் பதினோரு பேரை மேய்ச்சவருக்கு சைபர் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அந்தப் பதினோரு பேரை இதுல எந்த வரில போட்டிருக்கார்ணா?"

அவள் கேட்டது என் கேள்வி. செக்லிஸ்ட்டில் தடித்த எழுத்தில் நான் எழுதிய வரி. அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சின்னக் குழந்தையும் சொல்லும். அந்த விதியையும் நான்தான் எழுதியிருந்தேன்: சேர்ந்து உட்கார், படி. ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்று ஏதோ தைத்தது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்பாள், அத்தானுக்கு எவ்வளவு என்று. சைபர் என்று எந்த வாயால் சொல்வது? அதோடு, நான் தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஒரு சின்னப் பெண் என் முன்னால் என் சட்டத்தைப் படித்துக் காட்டுகிறாள்.

"நீயும் இதே வேலைக்குத்தான போடுற?" என்றேன். "அதனால இல்லையே?"

அவள் முகம் செத்துப் போயிற்று. பேனாவை மூடிப் பையில் போட்டாள்.

"டேய், என்னடா பேச்சு இது?" என்றார் அத்தான். அவர் குரல் உயர்வது அபூர்வம். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாத்திருக்கு. விடுங்கப்பா. நான்தான் அவளையும் போடச் சொன்னேன்."

எனக்கு அது இன்னும் எரிந்தது. தனக்குக் கிடைக்க வேண்டிய வேலைக்கு இன்னொருத்தியைத் தானே கூப்பிட்டுப் போட்டிக்கு நிறுத்துகிற மனிதரை என்னவென்று சொல்வது? கண்ணாடிக்கு வெளியே அடுத்த குழு, கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், கடிகாரத்தைக் காட்டித் தட்டினார்கள். ஐந்து நிமிடம் இருந்தது. நான் டிக்டிக்கின் தாளை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, "தவறான மார்க், சேர்க்க வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மீதி இரண்டுக்கும் சராசரி பத்தொன்பதரை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அத்தான் கேட்டார்.

"ஏதாவது மாத்தணுமாடா? அந்தப் பொண்ணு சொன்னதையும் கொஞ்சம் யோசிக்கலாமோ?"

"பத்தொம்பதரை வாங்கியிருக்கீங்க. பேசாம அனுப்புங்க."

"நீ பாத்துட்ட இல்ல?"

"பாத்துட்டேன் அத்தான்."

"அப்ப சரி."

வியாழக்கிழமை காலையே அனுப்பிவிட்டார். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

இரண்டு வாரத்தில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்தப் பதவிக்குத் தேவையான மேற்பார்வை அனுபவம் கொண்டவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அழைக்கிறோம். அத்தான் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். "ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் அந்தக் கம்பெனியை அரைமணிநேரம் வெளுத்து வாங்கினேன். கண் இருக்கிறதா, ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்காதா, இவர்களெல்லாம் கம்பெனி நடத்தி என்ன கிழிக்கப் போகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் தூக்கும் பதினேழு பேர் திட்டுவார்களே, அதே திட்டு.

வேலை டிக்டிக்குக்குக் கிடைத்தது. எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னவன் ரூட்டு. "நீ அன்னிக்கு சொன்னது சரிதான் போல" என்றும் சொன்னான். எனக்குத் தெரிந்து அவள் ஸ்கேனரோடு சுற்றினாள், அவ்வளவுதான். மேற்பார்வை எங்கிருந்து வந்தது? பொய் எழுதியிருப்பாள் என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. அதை நிரூபிக்கத்தான் அந்தப் புதன்கிழமைத் தாள்களை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

அடுக்கின் அடியில், நான் தள்ளிவிட்ட இடத்திலேயே, அத்தான் டிக்டிக்குக்குப் போட்ட தாள் இருந்தது. பத்து இரண்டுகள். பக்கத்தில் வரி எண்கள், ஸ்கேல் வைத்துப் பார்த்து எழுதியவை, எல்லாம் சரியாக இருந்தன. முதல் கட்டத்தில் மட்டும் வரி எண்ணுக்குப் பதில் ஒரு அம்புக்குறி, கீழே பெட்டிக்குப் போயிற்று. பெட்டியில் அவருடைய உருண்டைக் கையெழுத்து: "சனிக்கிழமை எண்ணிக்கைக்கு நாலு பேர் குழுவை மூணு வருஷம் நீதான் நடத்தின. புதுசா வந்த ஒன்பது பேருக்கு ஸ்கேனர் பழக்கினதும் நீதான். இதில் அது இல்லை. முதல்ல அதை எழுதும்மா. அது எழுதினப்புறம்தான் இந்த ரெண்டு."

பொய்யில்லை. அவள் செய்த வேலைதான் அது. அவளே எழுத மறந்ததை அத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்.

என் ரெஸ்யூமேக்கு அவர் போட்ட தாளையும் எடுத்தேன். அதிலும் பத்து இரண்டுகள், அதிலும் ஒரு அம்புக்குறி. "வருஷத்துக்கு எத்தனை பெட்டி பார்த்தாய், அதில் எத்தனை நீ தள்ளினதால் கடைக்குப் போகாமல் நின்றது, எண் போடு. உன் அளவுக்கு யாரும் பார்த்ததில்லை." இந்த வரி மட்டும் அன்று என் கண்ணில் பட்டிருந்தால்! படாததற்கு வேறு யாரையும் சொல்ல முடியாது. ஆள் மனம் நோகாமல் முழுமார்க்கைப் போட்டுவிட்டு, உண்மையைப் பெட்டிக்குள் எழுதுகிறவர் அவர் என்று இத்தனை வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு அடியில் நான் அத்தானுக்குப் போட்ட தாள். மேற்பார்வை: 2. வரி எண் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அப்படி ஒரு கோடு போட்டது எனக்கு ஞாபகமே இல்லை. கீழே, முதலில் திருத்த வேண்டியது என்ற பெட்டியில்: "பத்திகள் கொஞ்சம் நீளம்."

டிக்டிக்குக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, பழக்கமில்லை. "வாழ்த்து" என்று ஆரம்பித்தேன். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அன்னிக்கு வெளிய வரும்போதே உங்க அத்தான் அந்த சனிக்கிழமைக் குழுவை எழுதச் சொன்னார்ணா, எழுதினேன். இன்டர்வியூல கேட்டாங்க, உங்களுக்கு யார் வேலை கத்துக்குடுத்தாங்கன்னு. உங்க அத்தான் பேரைத்தான் சொன்னேன். அவரும் இதுக்குப் போட்டிருக்கார், பாருங்கன்னு சொன்னேன். அந்த மேடம் லிஸ்ட்ல தேடிப் பாத்துட்டு, அவர் ஹெல்பர்தானேன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்ல மேடம், அவர்தான் ஷிஃப்ட்டையே ஓட்டினார்னு சொன்னேன். இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மான்னு தாளைத் திருப்பிக் காட்டினாங்க. நான் என்ன சொல்ல முடியும்? அன்னிக்கே சொன்னேன்."

"சொன்ன" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் ஓடிற்று. எனக்கு ஒரு மின்சாதனக் கடையின் சர்வீஸ் பிரிவில் வேலை கிடைத்தது. ரெஸ்யூமேயில் அத்தான் சொன்ன எண்களைப் போட்டிருந்தேன், தேர்வு செய்தவர் அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் கேட்டார். இதையும் நான் அத்தானிடம் சொல்லவில்லை. என்னைப்போல வாய் கிழியப் பேசுகிறவனுக்கு, சொல்ல வேண்டியதைச் சொல்லும் இடத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள், உடனே வா என்று. போனேன். அத்தான் புதுச் சட்டை போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"அந்த மருந்து கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சுடா. நாளைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு வந்து இடத்தைப் பாத்துட்டுப் போங்கன்னாங்க."

"என்ன வேலை?"

"ஸ்டாக் ஹெல்பர். என் ரெஸ்யூமேவை எடுத்து வெச்சிருந்தாங்களாம். ஹெல்பர் வேலைக்கு இவ்ளோ பொருத்தமா ஒரு ரெஸ்யூமே வந்ததே இல்லன்னு சொன்னாங்கடா. மாலை ஷிஃப்ட். நம்ம டிக்டிக்தான் சூப்பர்வைசர்." பிரஷ்ஷை ஷூவின் மேல் வைத்தபடி என்னைப் பார்த்தார். "பாரு, நீ பாத்துக் குடுத்த தாள் வீணாப் போகல."

அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. நாளை மாலை அந்தக் கிடங்கில் ஒரு அட்டைப்பெட்டி கிழியும், இவர் மார்க்கரை எடுத்து எல்லோருக்கும் வேலையைப் பிரித்து எழுதுவார், யார் செய்தது என்று கேட்டால் அந்தப் பொண்ணு செஞ்சது என்பார். இன்னும் ஒன்பது வருடம்.

"அத்தான், அந்தப் பொண்ணு போட்ட சைபர்தான் சரி" என்றேன். "உங்க தாள்ல மேற்பார்வைன்னு ஒரு எழுத்து இல்ல. நான் ரெண்டு போட்டேன், வரி எண் போடல. எந்த வரின்னு தேடவே இல்ல. நான்தான் உங்க வேலையைக் கெடுத்தேன்."

அத்தான் ஷூவைக் கீழே வைத்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன், வாழ்க்கையில் முதல்தடவை இவர் ஒருவரைத் திட்டட்டும், அது நானாக இருக்கட்டும் என்று.

"இல்லன்னு எனக்குத் தெரியும்டா" என்றார். "எழுதுனவன் நான் இல்லையா? அந்தப் பொண்ணு சைபர் போட்டப்பவே, சரியாச் சொல்லுதேன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி உக்காந்து ஒரு வரி எழுதிக்கூடப் பாத்தேன். பதினோரு பேர், ஒன்பது வருஷம்னு."

"அப்புறம் ஏன் அத்தான் அதை அனுப்பல?"

"அதான் உன்ன பஸ் ஸ்டாப்ல கேட்டிருந்தேனே, பாத்துட்டியான்னு. பாத்துட்டேன்ன." அவர் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலத்தான் சொன்னார். "நான் எழுதுனது பெருமையடிச்ச மாதிரி இருக்கு, தேவையில்ல போலன்னு கிழிச்சுட்டேன். நீ பிரிச்சுப் பாக்காம எதுக்கும் சீல் குத்த மாட்டியேடா."

பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு, லேட்டாகிவிடும் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.